தங்கைப் பிராண்டுக்கு என்ன பெயர்? மூத்த பெயர் மங்காமல் இருக்க நான்கு வழிகள்

கோவையிலோ கும்பகோணத்திலோ ஒரு காப்பித்தூள் நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிக்கரி கலக்காத, பீபரி கொட்டையை மட்டும் வறுத்து அரைத்த தூளைக் கால் கிலோ 320 ரூபாய்க்கு விற்று, பத்தாண்டுகளில் நல்ல பெயர் எடுத்திருக்கிறது. மளிகைக் கடைகளில் அதிகம் நகர்வதோ 150 ரூபாய்க்குள் கிடைக்கும் சிக்கரி கலந்த தூள்தான். வறுவல் இயந்திரம் பாதி நேரம் சும்மா நிற்பதால், 60 பங்கு காப்பியும் 40 பங்கு சிக்கரியும் கொண்ட ஒரு மலிவுவிலைத் தூளையும் இறக்கலாம் என்று உரிமையாளர் முடிவு செய்கிறார். இத்தகைய நிலையில் இருக்கும் வாசகர்கள் சிலர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: புதிய பொட்டலத்தின் முகத்தில் என்ன பெயர் அச்சிடுவது?

பழைய பெயரைப் போட்டால் உடனே விற்கும், ஆனால் 320 ரூபாய்ப் பொட்டலத்தின் மதிப்பு குறையலாம். புதிய பெயரைப் போட்டால் மதிப்பு நிற்கும், ஆனால் யார் வாங்குவார்கள்? இவ்விரண்டுக்கும் இடையில் வேறு இரண்டு வழிகளும் உள்ளன. நான்கையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்ப்போம். பழைய, விலை உயர்ந்த பெயரை மூத்த பெயர் என்றும், புதிய, விலை குறைந்த பெயரைத் தங்கைப் பெயர் என்றும் இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

முதல் அளவுகோல் தாவல். இன்று 320 ரூபாய் கொடுப்பவர்களில் எத்தனை பேர் 150 ரூபாய்ப் பொட்டலத்துக்கு இறங்கிவிடுவார்கள் என்பதே அது. இரண்டு பொட்டலங்களின் பெயர்களும் நெருங்க நெருங்க, "எல்லாம் ஒரே வீட்டுச் சரக்குதானே" என்ற எண்ணம் வலுத்துத் தாவலும் கூடும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. உயர்விலைப் பொட்டலத்தில் 100 ரூபாயும் மலிவுவிலைப் பொட்டலத்தில் 30 ரூபாயும் ஆதாயம் என்றால், தாவும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 70 ரூபாய் இழப்பு. அந்த ஓர் இழப்பை ஈடுகட்ட, முன்பு நம்மிடம் வாங்காத புதியவர்களுக்கு இரண்டுக்கும் மேற்பட்ட பொட்டலங்களை விற்க வேண்டும். மலிவுவிலைத் தூள் நன்றாக விற்கிறது என்று மகிழும் பலர், அந்த விற்பனையில் எவ்வளவு சொந்த வாடிக்கையாளரிடமிருந்தே வந்தது என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

இரண்டாவது, அறிமுகச் செலவு. வடிவமைப்பு, வணிகக்குறிப் பதிவு, பொட்டலத் தாள் அச்சிட நிறத்துக்கு ஒன்றாகச் செய்ய வேண்டிய சிலிண்டர்கள், கடைக்காரருக்குத் தரும் கூடுதல் கழிவு, மாதிரிப் பொட்டலங்கள் எல்லாம் இதில் அடங்கும்.

மூன்றாவது, பழி பரவும் தூரம். மலிவுவிலைத் தூளில் ஒரு மாதம் சிக்கரி கருகிக் கசந்தால் அந்தக் கெட்ட பெயர் எதுவரை போகும் என்பதைப் பார்க்க வேண்டும்.

நான்காவது, பிற்காலத்தில் பிரிக்கவோ விற்கவோ மூடவோ உள்ள வசதி. பெயர் வைக்கும் நாளில் இதை யாரும் நினைப்பதில்லை. ஆனாலும் நான்கு வழிகளுக்கும் இடையே சட்டம் பெரிய வேறுபாடு காட்டுவது இந்த இடத்தில்தான்.

## வழி 1: மூத்த பெயரோடு ஓர் அடைமொழி

மூத்த பெயருக்குப் பின்னால் "டெய்லி", "லைட்", "எகானமி" போன்ற ஒரு சொல்லைச் சேர்ப்பது இந்த வழி. செலவு மிகக் குறைவு. கடைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை, முதல் மாதமே பணம் வரும். பலர் முதலில் இதைத்தான் நாடுகிறார்கள்.

இதன் குறை கடையின் பேச்சில் தெரிகிறது. அச்சில் இரண்டு சொல்லாக இருக்கும் பெயர், வாயில் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடும். "அந்தக் காப்பித்தூள்ல கால் கிலோ குடுங்க" என்று வாடிக்கையாளர் கேட்டால், "பெரிசா, சின்னதா?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்வி பிறந்த நாளிலிருந்து, மூத்த பெயர் ஒரு சுவைக்கு உரிய பெயராக இல்லாமல் விலைப் பட்டியலுக்கு உரிய பெயராகிவிடுகிறது. 320 ரூபாய் கொடுப்பவர் தனக்குக் கிடைக்கும் பீபரியை மறந்து, தான் அதிகமாகக் கொடுக்கும் 170 ரூபாயை நினைக்கத் தொடங்குகிறார்.

மறைந்திருக்கும் செலவு சட்டத்தில் உள்ளது. ஒரே உரிமையாளருக்கு ஒரே வகைப் பொருளுக்கு நெருங்கிய ஒற்றுமையுள்ள இரண்டு வணிகக்குறிகள் இருந்தால், பதிவாளர் அவற்றை இணைந்த குறிகளாகப் பதியச் சொல்லலாம். 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 44-ஆம் பிரிவின்படி இணைந்த குறிகளைத் தனித்தனியாக வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்க முடியாது, ஒட்டுமொத்தமாகத்தான் கொடுக்க முடியும். ஐந்தாண்டு கழித்து ஒரு பெரிய நிறுவனம் மலிவுவிலைத் தூளை மட்டும் விலைக்குக் கேட்டு வந்தால், மூத்த பெயரையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் இந்த வழி எப்போது பொருந்தும்? விலை வேறுபாட்டுக்குக் காரணம் தரமாக இல்லாமல் அளவாகவோ வடிவமாகவோ இருக்கும்போது பொருந்தும். அதே பீபரித் தூளை 50 கிராம் சிறு பொட்டலமாக விற்பதற்குத் தனிப் பெயர் வீண்செலவு. உள்ளே இருக்கும் பொருள் மாறும்போது மட்டும் இந்த வழியைத் தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

## வழி 2: புதிய பெயர், கீழே மூத்த பெயரின் சான்று

புதிய பெயர் பெரிதாகவும், அதன் கீழே "இன்னாரின் வழங்கல்" என்று மூத்த பெயர் சிறிதாகவும் நிற்பது இரண்டாவது வழி. நம்பிக்கையைக் கடன் வாங்கிக்கொண்டு இடைவெளியையும் காக்கலாம் என்பதே இதன் கவர்ச்சி.

தாஜ் விடுதிகளை நடத்தும் இந்தியன் ஹோட்டல்ஸ் நிறுவனத்தின் வரலாற்றில் இந்த வழியின் முழுப் பயணத்தையும் காணலாம். தாஜ் என்ற பெயர் ஒரு காலத்தில் மும்பை அரண்மனை விடுதிக்கும் சிறு நகரங்களின் எளிய விடுதிகளுக்கும் பொதுவாக இருந்தது. அந்த மயக்கத்தைத் தீர்க்க, மேல்நடுத்தர விடுதிகள் 2010-இல் "விவாந்தா பை தாஜ்" ஆயின. அதற்கு அடுத்த படிக்கு "கேட்வே" என்ற பெயர் ஏற்கெனவே வந்திருந்தது. மதுரை பசுமலையில் உள்ள விடுதியைத் தாஜ் கார்டன் ரிட்ரீட் என்று அறிந்தவர்கள், அதே கட்டடம் கேட்வே ஆனதைப் பார்த்திருப்பார்கள். பிறகு 2017-இல் விவாந்தாவையும் கேட்வேயையும் கைவிட்டு எல்லாவற்றையும் தாஜ் என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவருவதாக நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு இறுதியில் தலைமை மாறியது. 2018-இல் முடிவு மீண்டும் திருப்பப்பட்டது. இம்முறை விவாந்தா தன் பெயரில் நின்றது, "பை தாஜ்" என்ற வால் போயிற்று. 2023-இல் கேட்வேயும் மீண்டும் உயிர் பெற்றது.

பதினைந்து ஆண்டுகளுக்குள் பெயர்ப் பலகையை இத்தனை முறை மாற்றுவதற்கு ஆகும் பணம் ஒருபுறம் இருக்கட்டும். இந்த அலைச்சலில் நான் காண்பது வேறொன்று. சான்று வரியை எத்தனை சிறிதாக எழுதினாலும் விற்பவர் அதைப் பெரிதாகத்தான் படிப்பார். நம் காப்பித்தூளுக்கும் இதுவே நடக்கும். கடைக்காரர் புதிய பெயரை விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். "இதுவும் அவங்களோடதுதாங்க, பாதி விலை" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார். அந்த ஒரு சொற்றொடர் இரண்டாவது வழியை முதல் வழியின் அருகில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

இந்த வழிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சான்று வரியைப் பின்னர் எடுத்துவிடலாம். தங்கைப் பெயர் தன் காலில் நிற்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டிலேயே எடுத்துவிடுவது என்று முதலிலேயே நாள் குறித்துக்கொண்டால் இதைத் தைரியமாகத் தேர்ந்தெடுக்கலாம். நாள் குறிக்காதவர்கள் எடுப்பதில்லை. விற்பனை குறைந்துவிடுமோ என்ற அச்சம் ஒவ்வோர் ஆண்டும் தடுக்கும்.

## வழி 3: முற்றிலும் தனிப் பெயர்

அதே விடுதி நிறுவனம், மலிவுவிலை விடுதிகளுக்கு மட்டும் தொடக்கம் முதலே தாஜ் பெயரைத் தரவில்லை. 2004-இல் பெங்களூருவில் "இண்டிஒன்" என்ற பெயரில் முதல் விடுதியைத் திறந்து, பிறகு அதை "ஜிஞ்சர்" என்று மாற்றியது. மேலே சொன்ன 2017 குழப்பத்திலும் ஜிஞ்சர் தனியாகவே நின்றது. விலை இடைவெளி மிகப் பெரிதாக இருக்கும்போது பெயர்களும் முழுவதும் விலகி இருப்பதே நல்லது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. முதலில் வைத்த பெயரைத் தூக்கிப்போட முடிந்ததையும் கவனிக்க வேண்டும். தனிப் பெயர் தவறிப்போனாலும் மூத்த பெயருக்கு ஒரு கீறலும் விழாது.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு சான்று உண்டு, அது நம் ஊரிலேயே இருக்கிறது. தனிஷ்க் நகைகளை விற்கும் டைட்டன் நிறுவனம், சிறு நகர வாடிக்கையாளர்களுக்காக "கோல்டு பிளஸ்" என்ற தனிப் பெயரில் 2005-இல் ஈரோட்டில் கடை திறந்தது. பின்னாளில் அந்தக் கடைகள் தனிஷ்க் பெயருக்குள் இணைக்கப்பட்டன. நகை போன்ற, நம்பிக்கையே முதலாகிய பொருளில், யாரென்று தெரியாத பெயர் எத்தனை பெரிய சுமை என்பதை இதிலிருந்து எண்ணிப்பார்க்கலாம்.

தனிப் பெயரின் மறைந்த செலவு நேரம். வணிகக்குறிப் பதிவுக்காகப் பொருள்களைப் பிரித்திருக்கும் வகுப்புகளில் காப்பித்தூள் 30-ஆம் வகுப்பில் வரும். மின்வழி விண்ணப்பத்துக்கு ஒரு வகுப்புக்குத் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் 4,500 ரூபாய் கட்டணம், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். கட்டணம் சிறியதுதான். ஆனால் ஆய்வு முடிந்து வணிகக்குறி இதழில் வெளியான பிறகு, மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க நான்கு மாத காலம் உண்டு. எதிர்ப்பு வந்தால் நெடுங்காலம் இழுக்கும். ஆகவே தேடிப் பார்க்காமல் பெயர் வைத்து, சிலிண்டர் செய்து, பல்லாயிரம் பொட்டலத் தாள் அச்சிட்ட பிறகு எதிர்ப்பு வருவதுதான் இந்த வழியில் நேரும் பெரிய விபத்து. "நயம்", "மணம்", "டிகிரி" போல் பொருளின் தன்மையைச் சொல்லும் சொற்களைத் தேர்ந்தெடுத்தால் பதிவு கிடைப்பதே கடினம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பெயரை மறைத்தாலும் வீட்டை மறைக்க முடியாது. பொட்டலத்தின் பின்புறம் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் இருந்தே ஆக வேண்டும். மூத்த பெயரே நிறுவனத்தின் பெயராகவும் இருந்தால், முன்புறம் என்ன அச்சிட்டாலும் பின்புறம் உறவைச் சொல்லிவிடும்.

## வழி 4: தனிப் பெயர், பின்னால் நிறுவனப் பெயர்

பின்புறம் எப்படியும் பேசத்தான் போகிறது என்றால், அது எதைப் பேச வேண்டும் என்று நாமே முடிவு செய்வது நான்காவது வழி. தங்கைப் பெயருக்கு மூத்த பெயர் சான்று தருவதில்லை. இரண்டுக்கும் பொதுவான நிறுவனப் பெயர் சான்று தருகிறது.

கைக்கடிகாரத்தில் இது நன்றாக விளங்கும். டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய, ஓசூரில் தொழிற்சாலை வைத்த டைட்டன், 1990-களின் இறுதியில் டைமெக்ஸுடனான கூட்டு முடிந்தபின் மலிவுவிலைக்குச் "சொனாட்டா" என்ற பெயரைக் கொண்டுவந்தது. விளம்பரங்களில் அதற்குத் துணை நின்றது டாடாவின் பெயர். முதல் கடிகாரம் வாங்கும் ஒருவருக்கு வேண்டிய உறுதி, இது ஓடும், பழுதானால் பார்ப்பார்கள் என்பதுதான். அதை டாடா என்ற சொல் தந்தது. அழகு, பரிசு, பெருமை என்று டைட்டன் சேர்த்த பொருளை அதில் செலவழிக்கத் தேவைப்படவில்லை.

இதைவிடப் பழைய, நுட்பமான எடுத்துக்காட்டு ரோலெக்ஸ். ரோலெக்ஸை நிறுவிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப், விலை குறைந்த கடிகாரங்களுக்காக 1946-இல் டியூடர் நிறுவனத்தை அமைத்தார். பழைய டியூடர் ஒன்றைக் கையில் எடுத்தால், முகப்பில் டியூடர் என்ற பெயர் மட்டுமே இருக்கும். திருப்பிப் பார்த்தால், உறையின் பின்மூடியில் ரோலெக்ஸ் பெயர் பொறித்திருக்கும். சாவி திருகும் முடிச்சிலும் ரோலெக்ஸின் கிரீடச் சின்னம் இருக்கும். உள்ளே ஓடும் இயந்திரமோ வெளியிலிருந்து வாங்கியது. நீர் புகாத உறை என்ற உறுதியை மட்டும் பகிர்ந்து, முகப்பையும் இயந்திரத்தையும் விலக்கி வைத்திருக்கிறார்கள். மூத்த பெயரிலிருந்து எதைக் கடன் தரலாம், எதைத் தரக்கூடாது என்று இத்தனை தெளிவாகக் கோடு போட்டவர்கள் குறைவு.

காப்பித்தூளில் அந்தக் கோட்டை இப்படிப் போடலாம். வறுவலில் நேர்மை, கலப்பு விகிதத்தில் உண்மை, பொட்டலத்தில் பழசாகாத தூள் ஆகியவை நிறுவனத்தின் குணங்கள். இவற்றை இரண்டு பொட்டலங்களும் பகிரலாம். பீபரி, தோட்டம், தூய காப்பி ஆகியவை மூத்த பெயரின் குணங்கள். இவற்றைத் தங்கைப் பெயர் தொடக் கூடாது. சிக்கரி கலந்த தூளில் கலப்பு விகிதத்தை லேபிளில் சொல்வது கட்டாயம், காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையவும் கூடாது. எனவே விலை ஏன் குறைவு என்பதற்கு நேர்மையான விடை முகப்பிலேயே இருக்கிறது. பெயர் அந்த விடையோடு ஒத்துப்போக வேண்டும்.

மறைந்த செலவு இதிலும் உண்டு. நிறுவனத்துக்கு மூத்த பெயரிலிருந்து வேறான பெயர் இருந்தால்தான் இந்த வழி நடக்கும். இல்லையென்றால் முதலில் நிறுவனத்தின் பெயரை மாற்றவோ, வேறொரு நிறுவனத்தைத் தொடங்கி உரிமம், வரிப் பதிவு, லேபிள் எல்லாவற்றையும் அதன் பெயரில் எடுக்கவோ வேண்டும். அந்தப் புதிய நிறுவனப் பெயருக்கும் மக்களிடம் மதிப்பு சேரச் சில ஆண்டுகள் ஆகும். டாடாவுக்கு இருந்த அறிமுகம் நமக்கு இருக்காது.

## கணக்கை ஒரே பலகையில் பார்ப்போம்

மாதம் 4,000 உயர்விலைப் பொட்டலங்கள் விற்பதாகவும், மேலே சொன்ன 100, 30 ரூபாய் ஆதாயம் என்றும் கொள்வோம். அறிமுகச் செலவை முதல் 12 மாதங்களுக்குப் பங்கிட்டிருக்கிறேன். தாவல் விகிதங்களும் அறிமுகச் செலவும் ஒப்பீட்டுக்காக நான் வைத்த ஊகங்கள். உங்கள் கடைகளில் பார்த்து உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

| வழி | தாவல் | அறிமுகச் செலவு (ரூ.) | முதலாண்டில் ஈடுகட்டத் தேவையான மாதப் புதிய விற்பனை | இரண்டாம் ஆண்டில் | பழி பரவுமா? | பிரித்து விற்கலாமா? |
|---|---|---|---|---|---|---|
| 1. அடைமொழி | 20% | 50,000 | 2,006 பொட்டலம் | 1,867 | முழுவதும் | மிகக் கடினம் |
| 2. மூத்த பெயரின் சான்று | 10% | 2,00,000 | 1,489 | 933 | பெரும்பாலும் | சான்று வரியை எடுத்தபின் |
| 3. தனிப் பெயர் | 5% | 4,00,000 | 1,578 | 467 | மிகக் குறைவு | எளிது |
| 4. நிறுவனப் பெயரின் துணை | 6% | 3,00,000 | 1,393 | 560 | நிறுவனப் பெயர் வரை | எளிது |

மலிவாகத் தோன்றிய முதல் வழிதான் முதலாண்டிலேயே அதிக விற்பனையைக் கேட்கிறது. ஏனெனில் அதன் செலவு அச்சகத்தில் இல்லை, தாவலில் இருக்கிறது. தாவல் இழப்பு ஒவ்வொரு மாதமும் திரும்ப வரும். மற்ற மூன்றுக்கும் முதலாண்டில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டாம் ஆண்டில்தான் அவை பிரிகின்றன. ஆகவே ஓராண்டுக்கு மேல் பொறுக்க முதல் இல்லாதவருக்கு மூன்றாவது வழியின் சிறப்பு ஏட்டோடு நின்றுவிடும்.

## எந்த நிலையில் எது

இந்தக் காப்பித்தூள் நிறுவனத்துக்கு, நிறுவனப் பெயர் ஏற்கெனவே வேறாக இருந்தால், நான் நான்காவது வழியைத்தான் சொல்வேன். இரண்டும் ஒரே பெயராக இருந்து, கையில் ஓராண்டுச் செலவுக்குப் பணமும் இருந்தால் மூன்றாவது வழி. பணம் இல்லை, சும்மா நிற்கும் இயந்திரத்தை உடனே ஓட்டியாக வேண்டும் என்றால் இரண்டாவது வழி. ஆனால் சான்று வரியைத் தனிச் சிலிண்டரில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் நாள் வரும்போது மற்ற சிலிண்டர்களை மாற்றாமல் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட முடியும்.

பெயரைச் சொல்லளவில் தேர்ந்தெடுக்கும்போது, மூத்த பெயரின் முதல் எழுத்தையும் ஓசையையும் தவிர்ப்பது நல்லது. மூத்த பெயர் நீளமான பழைய பெயராக இருந்தால் தங்கைப் பெயர் இரண்டு அசையில் முடியட்டும். நிறமும் விலகட்டும். மூத்த பொட்டலம் கரும்பழுப்பு என்றால் தங்கைக்கு அதன் வெளிர்நிறம் வேண்டாம். பக்கத்தில் வைத்தால் கழுவி வெளுத்த சட்டைபோல் தெரியும். மலிவைச் சொல்லும் சொல்லும் வேண்டாம். 150 ரூபாய் கொடுப்பவருக்கும் அது அவர் வீட்டுக் காப்பி, விருந்தினருக்கு ஊற்றிக் கொடுக்கும் காப்பி.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், மாதிரிப் பொட்டலங்களை மூன்று கடைகளில் இரண்டு வாரம் வைத்துவிட்டு, கடைக்காரர் என்ன சொல்லி விற்கிறார் என்று மட்டும் நின்று கேளுங்கள். "அவங்களோடதுதான்" என்ற சொல் அடிக்கடி காதில் விழுந்தால், தாவல் விகிதத்தில் நீங்கள் போட்ட எண்ணை இரட்டிப்பாக்கிக் கணக்கை மீண்டும் போட வேண்டும்.

இறக்கிய பிறகு, மூத்த பெயர் மங்குகிறதா என்பதைப் பொதுவாக அதன் மொத்த விற்பனைக்கு முன்னால் வேறு இரண்டு இடங்கள் காட்டிவிடும். கடைக்காரர்கள் உயர்விலைப் பொட்டலத்துக்கும் கூடுதல் கழிவு கேட்கத் தொடங்குவது ஒன்று. மாதம் தவறாமல் வாங்கிய வீடுகள் இரு மாதங்களுக்கு ஒருமுறை வாங்கத் தொடங்குவது மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்து தெரிந்தால், தங்கைப் பொட்டலத்தை மூத்த பொட்டலம் இருக்கும் அலமாரியிலிருந்து முதலில் நகர்த்துங்கள். அதன் பிறகும் மூன்று மாதத்தில் நிலை திரும்பாவிட்டால், சான்று வரியை நீக்கும் நாளை முன்னே கொண்டுவர வேண்டும்.